வாடகை விளம்பரத்தின் சுருக்கங்கள்: போட்டோவைப் பார்த்துத் தமிழில் எழுதும்போது வரும் சந்தேகங்கள்

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கணினி மையத்தில் மனுக்களும் வாடகை ஒப்பந்தங்களும் தட்டச்சு செய்துகொடுக்கிறேன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்திலிருந்து பிள்ளைகள் படிப்புக்காக மதுரைக்குக் குடிவர நினைப்பவர்கள், ஆங்கில விளம்பரத்தைப் போட்டோ எடுத்து வந்து "இதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் மாதிரியாக ஒரே விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். பல விளம்பரங்களில் பார்த்ததைக் கோத்து நானே எழுதியது இது.

```
KK NGR 2BHK FF 900sft SF EF
2T(1W) CCP Corp+Bore Sep EB
R 12k+M Adv 75k/Lse 7L Slt Neg
Veg Sml Fam Pref Bach Exc No Brkr
```

"2BHK-ன்னா மொத்தமே ரெண்டு ரூம்தானா சார்?"

இல்லை. இரண்டு படுக்கையறை, அது போக ஒரு ஹால், ஒரு சமையலறை. "இரண்டு அறை வீடு" என்று எழுதினால் படிக்கிறவர் ஒரு ஹாலும் ஒரு பெட்ரூமும் என்றே நினைப்பார். அதனால் எண்ணை அறையோடு சேர்க்காமல் படுக்கையறையோடு சேர்த்து எழுதுங்கள். 1RK என்றால் ஒரே அறையும் சமையலறையும்தான். தனி ஹால் கிடையாது.

"FF-க்கு ஒருத்தர் முதல் மாடிங்கிறார், இன்னொருத்தர் எல்லா சாமானும் இருக்குங்கிறார். எது சரி?"

இரண்டுக்கும் அதே எழுத்துகள்தான். SF அதைவிட மோசம்: இரண்டாம் மாடி, செமி பர்னிஷ்டு, சதுர அடி என்று மூன்றுக்கும் போடுகிறார்கள். எழுத்தை மட்டும் பார்த்தால் தீராது. வரிசையைப் பார்க்க வேண்டும். நம் மாதிரியில் FF, அறை எண்ணிக்கைக்கு அடுத்து வருகிறது. பெரும்பாலும் ஊர், அறை, மாடி, பரப்பு, சாமான், திசை என்றுதான் எழுதிக்கொண்டு போவார்கள். பரப்புக்கு ஏற்கெனவே 900sft வந்துவிட்டதால் SF சதுர அடியாக இருக்க முடியாது. SF செமி பர்னிஷ்டு என்றால் FF "எல்லா சாமானும்" ஆக முடியாது, ஒரே வீடு இரண்டாகவும் இருக்காதே. ஆக FF முதல் மாடி, SF செமி பர்னிஷ்டு.

மாற்றிப் படித்தாலும் ஒரு பொருள் வருகிறது, கவனியுங்கள்: FF முழு பர்னிஷ்டு, SF இரண்டாம் மாடி. அப்படி எழுதுகிறவரும் இருக்கலாம். ஆனால் முழுக்க சாமான் போட்ட வீட்டுக்கு உரிமையாளர் கட்டில், ஏ.சி., பிரிட்ஜ் என்று ஒன்றையாவது பெயர் சொல்லாமல் விடமாட்டார்; அதுதான் வாடகையைக் கூட்டிக் கேட்க அவருக்கு இருக்கும் காரணம். இங்கே ஒன்றுகூட இல்லை. இவ்வளவு யோசித்த பிறகும் "முதல் மாடி (உறுதி செய்யவும்)" என்றுதான் எழுதிக் கொடுப்பேன். முட்டிவலி உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் ஒரு மாடிக்கும் இரண்டு மாடிக்கும் நிறைய வித்தியாசம்.

இன்னொன்று: "முதல் தளம்" என்று எழுதாதீர்கள். கீழ்வீட்டையே முதல் தளம் என்று சொல்பவர்கள் உண்டு. "முதல் மாடி" என்றால் படியேற வேண்டும் என்பது எல்லோருக்கும் புரியும். GF கீழ்வீடு.

"செமி பர்னிஷ்டுன்னா பாதி சாமான் இருக்கும், அப்படித்தானே?"

பாதி என்று கணக்கு எதுவும் இல்லை. நம் ஊரில் செமி பர்னிஷ்டு என்றால் பெரும்பாலும் சுவரோடு சேர்ந்தவை: கப்போர்டு, சமையலறை அலமாரி, பேன், டியூப்லைட், சில வீடுகளில் கீசர். கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஆனால் இது வழக்கம்தான், விதி இல்லை. மொழிபெயர்ப்பில் "செமி பர்னிஷ்டு, என்னென்ன என்று குறிப்பிடவில்லை" என்று எழுதுங்கள். "பேன், கப்போர்டு உண்டு" என்று நீங்களாகச் சேர்த்தால், அது விளம்பரத்தில் இருப்பதாக நம்பி அவர் போய் நிற்பார். UF, அதாவது அன்பர்னிஷ்டு, என்றிருந்தால் பேன்கூட இருக்காது என்று எண்ணிக்கொள்வது நல்லது.

"இந்த ரெண்டாவது வரி எனக்கு ஒண்ணுமே புரியலை."

2T(1W): இரண்டு கழிப்பறை, அதில் ஒன்று வெஸ்டர்ன். மற்றது இந்தியன் டைப்பாக இருக்கும். CCP: கூரை போட்ட கார் நிறுத்துமிடம், வெறும் CP என்றால் கார் நிறுத்த இடம் உண்டு, கூரை பற்றித் தெரியாது. முதல் வரிக் கடைசியில் உள்ள EF, வாசல் கிழக்குப் பார்த்தது.

Corp+Bore-ஐ வேகமாகத் தாண்டிவிடக் கூடாது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் உண்டு என்கிறது. ஆனால் மாநகராட்சிக் குழாய் முதல் மாடி வரைக்கும் ஏறி வருகிறதா, கீழே தெருப் பைப்பில் குடம் வைத்துப் பிடிக்க வேண்டுமா என்பதை அது சொல்லவில்லை. போர் தண்ணீர் உப்பா நல்லதா என்பதும் இல்லை. எழுதும்போது "மாநகராட்சித் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும்" என்பதோடு நிறுத்திவிட்டு, கேட்க வேண்டிய கேள்வியாகக் கீழே குறித்துக் கொடுங்கள்.

Sep EB என்பது இந்த வீட்டுக்குத் தனி மின் இணைப்பு, மின்வாரிய மீட்டர். இதைத் "தனி மீட்டர்" என்று மட்டும் எழுதினால் போதாது. வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்தே கிளை எடுத்துப் பொருத்தும் சப் மீட்டரும் தனி மீட்டர்தானே! மின்வாரிய இணைப்பு தனியாக இருந்தால்தான் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச யூனிட் உங்கள் கணக்கில் வரும். சப் மீட்டரில் வீட்டுக்காரர் சொல்கிற யூனிட் விலைதான். அதனால் "தனி மின் இணைப்பு" என்று எழுதி, மின் இணைப்பு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள்.

"R 12k+M: இந்த M மாசத்தைக் குறிக்குதா?"

மெயின்டனன்ஸ், பராமரிப்புக் கட்டணம். முன்னால் கூட்டல் குறி இருப்பதுதான் அடையாளம். "12k/M" என்று சாய்கோடு இருந்தால் அப்போது M மாதம். ஒரு குறியில் மாதச் செலவே மாறுகிறது, அதனால் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். k ஆயிரம், L லட்சம். ஆக மாத வாடகை 12,000 ரூபாய், அதற்கு மேல் பராமரிப்பு. எவ்வளவு என்று சொல்லவில்லை. "சுமார் 1,000 இருக்கும்" என்று நாமே போட்டுவிடக் கூடாது. அபார்ட்மென்டில் ஒரு மாதிரி வரும், தனி வீட்டில் மோட்டார் கரண்டுக்கும் பெருக்குவதற்கும் மட்டும் வாங்குவார்கள்.

Slt Neg என்பது கொஞ்சம் பேசிக் குறைக்கலாம் என்பது. எந்தத் தொகையை என்று இல்லை.

"Adv-ஐ 'முன்பணம்'னு எழுதினா தப்பா?"

தப்பில்லை, ஆனால் குழப்பும். முன்பணம் என்றால் முன்கூட்டியே கட்டிய வாடகை, மாதாமாதம் கழிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டு அட்வான்ஸ் கழியாது. காலி செய்யும்போது பாக்கி, சேதம் போக மிச்சம் திரும்ப வர வேண்டிய பாதுகாப்புத் தொகை. அட்வான்ஸ் என்ற சொல்லே எல்லோருக்கும் தெரியும், அதையே எழுதி, அருகில் "திரும்பப் பெறும் தொகை" என்று சேர்த்துவிடுங்கள்.

"12,000 வாடகைக்கு 75,000 அட்வான்ஸ் கேக்கலாமா? சட்டம் மூணு மாசம்தான்னு சொல்றாங்களே?"

75,000 என்பது ஆறு மாத வாடகைக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் பாதுகாப்புத் தொகை வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. இங்கே அந்த வரம்பு 36,000. ஆனால் "இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர" என்ற வாசலும் அதே பிரிவில் இருக்கிறது. அதனால் நீங்கள் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது செல்லும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இதை மொழிபெயர்ப்புக்குள் நுழைக்க வேண்டாம். விளம்பரம் 75,000 என்றால் 75,000 என்றே எழுதுங்கள். பேரம் பேசப் போகிறவருக்கு வாயால் சொல்லிவிடுங்கள்: மூன்று மாதம் என்ற எண்ணைச் சொல்லி ஆரம்பிக்கலாம் என்று.

"Lse 7L-க்கு 'குத்தகை 7 லட்சம்'னு எழுதினேன். எங்கப்பா வயலா வாங்கப் போறேன்னு கேட்டாரு."

மதுரையில் இதன் பெயர் ஒத்தி. சென்னைக்காரர்கள் லீஸ் என்பார்கள். 7 லட்சத்தை ஒரே தவணையில் கொடுத்துவிட்டு, பேசிய காலம் வரை மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது; முடிவில் வீட்டைக் காலி செய்து 7 லட்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. "ஒத்தி என்றால் 7 லட்சம்" என்று எழுதினால் உங்கள் அப்பாவுக்கு ஒரு விளக்கமும் வேண்டாம். காலம் எத்தனை வருடம் என்று நம் மாதிரியில் இல்லை. அதையும் "காலம் குறிப்பிடவில்லை" என்று எழுதிவிடுங்கள்.

ஆனால் எல்லா லீஸும் ஒத்தி இல்லை. "11 mths lse agmt" என்று வந்தால் அது சாதாரண வாடகை ஒப்பந்தம்தான். பக்கத்தில் லட்சத்தில் தொகை இருந்தால் ஒத்தி, மாதத்தில் காலம் இருந்தால் ஒப்பந்தம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

நடுவில் உள்ள சாய்கோட்டையும் பாருங்கள். "Adv 75k/Lse 7L" என்பதை "அட்வான்ஸ் 75,000, ஒத்தி 7 லட்சம்" என்று காற்புள்ளி போட்டு எழுதினால், இரண்டும் சேர்த்துக் கேட்கிறார் என்று படிக்கிறவர் பயந்துபோவார். சாய்கோடு "அல்லது". ஒன்று: மாதம் 12,000 வாடகை, 75,000 அட்வான்ஸ். அல்லது: 7 லட்சம் ஒத்தி, வாடகை கிடையாது. ஒத்தியிலும் பராமரிப்புக் கட்டணம் தனியாக உண்டா என்பது இந்த வரியிலிருந்து தெரியாது.

"அப்போ ஒத்திதானே லாபம்? ஏன் எல்லாரும் ஒத்திக்குப் போகலை?"

கணக்கு அப்படித்தான் காட்டும். வாடகை வருடத்துக்கு 1,44,000 ரூபாய். 7 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் வருடத்துக்கு 49,000தான் வரும். ஒத்திக்குப் போனால் 49,000-ஐ விட்டுவிட்டு 1,44,000-ஐ மிச்சப்படுத்துகிறீர்கள். வீட்டுக்காரர் ஏன் அவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்? அவருக்கு மொத்தமாகப் பணம் தேவைப்படுகிறது. வீடு கட்டிய கடனை அடைக்க, பெண் கல்யாணத்துக்கு என்று நியாயமான காரணங்கள் உண்டு. ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும் வீட்டை ஒத்திக்கு விடுபவர்களும் உண்டு, அங்கேதான் ஆபத்து. காலம் முடிந்ததும் அவரிடம் 7 லட்சம் இருக்க வேண்டுமே.

ஒத்தி என்று முடிவு செய்தால் tnreginet.gov.in தளத்தில் அந்தச் சொத்துக்கு வில்லங்கம் பாருங்கள்; பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கிப் பதிவு செய்திருந்தால் அதில் வரும். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். ஒத்தி ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வெறும் முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு 7 லட்சம் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"Bach Exc-ன்னா பேச்சிலர்களுக்கு எக்ஸலன்டா? என் தம்பி சந்தோஷப்பட்டான்."

பாவம். Exc என்பது எக்ஸ்கியூஸ். நம் பக்கத்து விளம்பரங்களில் "மன்னிக்கவும், வேண்டாம்" என்பதற்கு இப்படிப் போடுவது வழக்கம். "திருமணமாகாதவர்களுக்கு இல்லை" என்று எழுதுங்கள். புரோக்கர்களுக்கும் இதே சொல் வரும்: "Brkr Exc" என்றால் தரகர்கள் அழைக்க வேண்டாம். தனியாக வேலை பார்க்கும் பெண்களையும் இது தடுக்கிறதா என்பது வீட்டுக்காரரைப் பொறுத்தது. சிலர் அவர்களுக்கென்று WW என்று தனியாகப் போடுவார்கள்.

"Veg Sml Fam Pref: 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்று எழுதலாமா?"

இதில் இரண்டு இடத்தில் பொருள் நழுவுகிறது. "மட்டும்" என்று விளம்பரத்தில் இல்லை. Pref முன்னுரிமை, Only என்றால்தான் மட்டும். முன்னுரிமை என்றால் போன் செய்து பேசிப் பார்க்க இடம் இருக்கிறது. நீங்கள் "மட்டும்" என்று எழுதினால், கறி சாப்பிடும் குடும்பம் ஒன்று கேட்காமலேயே அந்த வீட்டை விட்டுவிடும்.

அடுத்தது "சைவக் குடும்பம்". நம் பக்கத்தில் சைவர் என்பது சாதியையும் சமயத்தையும் குறிக்கும் சொல்லாகவும் புழங்குகிறது. விளம்பரம் சாப்பாட்டைத்தான் சொல்கிறது. "சைவ உணவு சாப்பிடும் சிறிய குடும்பத்துக்கு முன்னுரிமை" என்றால் சந்தேகம் வராது. வீட்டுக்காரர் மனசுக்குள் வேறு எதையோ நினைத்திருக்கலாம் என்று நீங்கள் ஊகித்தாலும் அதை எழுதக் கூடாது. அதேபோல, விளம்பரம் ஒரு சமூகத்தின் பெயரையே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதை மழுப்பாமல் எழுதுங்கள். பஸ் ஏறிப் போய் வாசலில் நின்று அவமானப்படுவதைவிட, வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போதே அது தெரிவது மேல்.

"வீட்டு விளம்பரத்துல Compd-ன்னு இருந்துச்சு. காம்பவுண்டு வீடுதானே?"

மதுரையில் இந்தச் சந்தேகம் நியாயமானது. ஒரே வளாகத்துக்குள் வரிசையாகப் பல குடித்தனங்கள், பொதுக் குழாய், சில இடங்களில் பொதுக் கழிப்பறை என்று இருப்பதை இங்கே காம்பவுண்டு வீடு என்கிறோம். விளம்பரம் எழுதியவர் சுற்றுச்சுவரைச் சொல்லியிருக்கவும் வாய்ப்பு உண்டு. Ind Hse, அதாவது தனி வீடு, என்று பக்கத்தில் இருந்தால் சுற்றுச்சுவர். Portion என்று இருந்தால் குடித்தனங்கள். இரண்டும் இல்லாவிட்டால் FF-க்குச் சொன்னது போலவே, அடைப்புக்குறிக்குள் "உறுதி செய்யவும்".

"போட்டோ மங்கலா இருக்கு. 75k-வா 15k-வான்னு தெரியலை. வாடகையை வச்சுக் கணக்குப் போட்டு எழுதிடலாமா?"

கணக்கு போடுங்கள், ஆனால் எழுதாதீர்கள். 12,000 வாடகைக்கு 15,000 அட்வான்ஸ் குறைவுதான், ஆனாலும் நடக்காதது இல்லை. 75,000-மும் நடப்பதுதான். கணக்கு இரண்டையும் அனுமதிக்கும்போது "75,000 அல்லது 15,000, போட்டோவில் தெளிவில்லை" என்பதே சரியான மொழிபெயர்ப்பு. லட்சத்தில் புள்ளி விஷயமும் இப்படித்தான். 1.2L என்பதில் புள்ளி மங்கினால் 12L ஆகிவிடும். அங்கே மட்டும் வாடகையோடு ஒப்பிட்டால் அபத்தமானது தானாக விழுந்துவிடும்.

எழுத்தைவிட ஓரம்தான் அதிகம் ஏமாற்றுகிறது. நம் மாதிரியில் கடைசி வரி "No Brkr" என்று முடிகிறது. செய்தித்தாள் மடிப்பில் No மறைந்துவிட்டால் மிச்சம் Brkr மட்டும், பொருள் தலைகீழ். அதனால் போட்டோ எடுக்கும்போது தாளை மேசையில் விரித்து, விளம்பரத்தின் நான்கு ஓரமும், மேலே உள்ள தேதியும் விழும்படி நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டியது என்றால் பக்கத்தில் கையால் எழுதிய திருத்தம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வாடகையை அடித்துவிட்டுப் பேனாவால் மாற்றி எழுதுவது சாதாரணம்.

"கடைசியா, இந்த விளம்பரம் முழுசையும் நீங்க எப்படி எழுதிக் கொடுப்பீங்க?"

இப்படி: "கே.கே. நகரில் இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை உள்ள வீடு. முதல் மாடி (உறுதி செய்யவும்). 900 சதுர அடி. செமி பர்னிஷ்டு, என்னென்ன என்று குறிப்பிடவில்லை. கிழக்குப் பார்த்த வாசல். இரண்டு கழிப்பறை, ஒன்று வெஸ்டர்ன். கூரையுள்ள கார் நிறுத்துமிடம். மாநகராட்சித் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் உண்டு. தனி மின் இணைப்பு. மாத வாடகை 12,000 ரூபாயும் பராமரிப்புக் கட்டணமும் (தொகை குறிப்பிடவில்லை), அட்வான்ஸ் 75,000 ரூபாய் (திரும்பப் பெறும் தொகை). அல்லது ஒத்தி 7 லட்சம் ரூபாய் (காலம் குறிப்பிடவில்லை). கொஞ்சம் பேசிக் குறைக்கலாம். சைவ உணவு சாப்பிடும் சிறிய குடும்பத்துக்கு முன்னுரிமை. திருமணமாகாதவர்களுக்கு இல்லை. தரகர்கள் வேண்டாம்."

இதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, போனில் கேட்க வேண்டியவற்றைத் தனியாக எழுதுவேன்: எந்த மாடி, பராமரிப்பு எவ்வளவு, ஒத்திக்கும் அது உண்டா, தண்ணீர் மாடிக்கு ஏறுமா, மின் இணைப்பு எண் என்ன, ஒத்தி எத்தனை வருடம். கோட்டுக்கு மேலே இருப்பது விளம்பரம் சொன்னது, கீழே இருப்பது அது சொல்லாதது. இரண்டையும் ஒரே தாளில் கொடுத்துவிட்டால் போன் செய்கிறவர் எதையும் மறக்கமாட்டார்.